பக்திப் பாட்டு எழுதுறவங்க குறிப்பு நோட்டை எப்படி அடுக்குறீங்க?

மாரியம்மன், முருகன் பாட்டுகள் எழுதுகிறேன். சந்தையிலும் பஸ்ஸிலும் காதில் விழும் பேச்சை ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். தேதிவாரியாக இருப்பதால் மெட்டு கையில் வந்ததும் தேடினால் எதுவும் அகப்படுவதில்லை. சாமிவாரியாகப் பிரிப்பதும் சரிப்படாது. ஒரே வரி அம்மனுக்கும் பொருந்தும், முருகனுக்கும் பொருந்தும்.

ஒரு உதாரணம். பூக்கார அம்மா ஒருத்தர் சொன்னது: "வாடுனாலும் மணம் போகாது தாயி." வா, ம இரண்டும் மோனைக்கு இனம் என்பதால் பேச்சிலேயே பாதிப் பாட்டு வந்துவிட்டது. "வாடினாலும் மணம் மாறா மல்லிகை நான், நாடி வந்தேன் உன் வாசல்" என்று எழுதினேன். வாடி, நாடி என எதுகை அமைந்தது. ஆனால் அவர் சொன்னபடியே "வாடுனாலும்" என்று வைத்தால் ஓடு, பாடு, கூடு என்று எதுகை வேறு பக்கம் போகிறது. மாத்திரை மாறவில்லை, பாட்டே மாறிவிடுகிறது! அதனால் கேட்டபடியே எழுதி, திருத்திய வடிவத்தைப் பக்கத்தில் சின்னதாகக் குறிக்கிறேன்.

இப்போது நோட்டின் கடைசிப் பக்கங்களில் இரண்டாம் எழுத்துவாரியாக ஓர் அட்டவணை போடலாமா என்று யோசனை. இந்த வரி 'டு', 'டி' இரண்டின் கீழும் வரும். அப்படிச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? அல்லது ஏக்கம், முறையீடு, நன்றி என்று உணர்வுவாரியாகப் பிரிப்பதுதான் எழுதும்போது கைகொடுக்கிறதா? முடிந்தால் உங்கள் நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை.