வரிசையை மாற்றினேன், விடை மைனஸில் வருகிறது: எல்லைதான் தவறு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலாண்டு மாணவி

∫[0,1] ∫[x², 2−x] xy dy dx என்ற கணக்கில் தொகையிடும் வரிசையை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். y-க்கு 0 முதல் 2 வரை, x-க்கு √y முதல் 2−y வரை என்று எழுதினேன். விடை −2/3 வருகிறது. புத்தகத்தில் 3/8 என்று இருக்கிறது. தொகையிட்ட படிகளில் பிழை எதுவும் இல்லை. தேர்வு அறையில் புத்தகத்தின் கடைசிப் பக்கம் கையில் இருக்காது. எல்லை தவறு என்பதை அங்கே எப்படிக் கண்டுபிடிப்பது?

கரும்பலகை

புத்தகம் வேண்டாம் அம்மா, உங்கள் விடையே சொல்லிவிட்டது. இந்தப் பகுதி முழுவதும் x, y இரண்டும் பூஜ்யத்துக்குக் குறையாதவை. அப்படியானால் xy மைனஸாக எங்கும் வராது. அதன் கூட்டுத்தொகை மட்டும் எப்படி மைனஸாகும்? −2/3 என்று வந்த இடத்திலேயே பேனாவை வைத்துவிட்டு எல்லையைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து, நடுவில் ஓர் y-ஐ எடுத்துப் பாருங்கள். y = 1.5 என்றால் √y சுமார் 1.22. 2−y என்பது 0.5. கீழ் எல்லை 1.22, மேல் எல்லை 0.5. கிடைப்பட்டை வலமிருந்து இடமாகப் போகிறது. y = 1-க்கு மேலே எங்கும் இதே கதைதான், மைனஸ் வந்ததும் அங்கிருந்துதான்.

y = 1-க்குக் கீழே தவறு வேறு மாதிரி. அங்கே √y-இலிருந்து 2−y வரை போகும் பட்டை பரவளையத்துக்கு வலப்பக்கம் கிடக்கிறது. நமக்கு வேண்டியது இடப்பக்கம். x = 0 என்ற கோட்டை எங்கே விட்டீர்கள் என்று பாருங்கள். மூலக் கணக்கில் அது வெளித் தொகையின் வெறும் எண்ணாக நிற்பதால் கண்ணில் படுவதில்லை. வரிசையை மாற்றும்போது அதுதான் உள்ளே வந்து கீழ் எல்லையாக வேண்டும்: (0,0)-இலிருந்து (0,2) வரை உள்ள இடது விளிம்பு முழுவதும் அந்தக் கோடுதான். வலது விளிம்பு (1,1)-இல் முறிகிறது. அதற்குக் கீழே பரவளையம், மேலே நேர்கோடு. ஆகவே இரண்டு துண்டு:

y: 0 முதல் 1, x: 0 முதல் √y → 1/6
y: 1 முதல் 2, x: 0 முதல் 2−y → 5/24

கூட்டினால் 9/24, அதாவது 3/8.

நேரமில்லை

தேர்வில் இவ்வளவு யோசிக்க எங்கே நேரம்? என் மாணவர்களுக்கு நான் சொல்வது ஒரே வழி. xy-ஐத் தூக்கிவிட்டு 1 போடுங்கள், பரப்பளவு வரும். மூல வரிசையில் 2 − 1/2 − 1/3 = 7/6. இரண்டு துண்டாக்கிய எல்லையில் 2/3 + 1/2 = 7/6. இந்த மாணவியின் எல்லையில் 2 − 4√2/3, சுமார் 0.11. பொருந்தவில்லை, எல்லை தவறு. பொருந்தினால் எல்லை சரி. முடிந்தது.

கரும்பலகை

முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. பரப்பு பொருந்தாவிட்டால் எல்லை நிச்சயம் தவறு. பொருந்தினால் எல்லை சரி என்று எப்படிச் சொல்வீர்கள்? ஒரே பரப்பளவுள்ள பகுதிகள் எத்தனையோ இருக்கின்றன.

நேரமில்லை

இருக்கட்டும். மாணவர் செய்யும் பிழையில் தற்செயலாகப் பரப்பு பொருந்திப்போவது எத்தனை தடவை நடக்கும்? நடைமுறையைப் பேசுவோம் ஐயா.

விடைத்தாள்

நடைமுறையையே சொல்கிறேன், விடைத்தாள் திருத்துகிறவன் நான். இதே கணக்கில் மாணவர்கள் அடிக்கடி எழுதுவது இது:

∫[0,1] ∫[y², 2−y] xy dx dy

எழுத்துகளை மட்டும் இடம் மாற்றிவிடுவார்கள். x இருந்த இடத்தில் y, y இருந்த இடத்தில் x. படம் கிடையாது, பட்டை கிடையாது. இதன் பரப்பு என்ன? அதே 7/6. விடை? அதே 3/8. ஏனென்றால் xy-இல் எழுத்தை மாற்றினாலும் xy-தான். இவர்கள் தொகையிட்டது y = x என்ற கோட்டில் திருப்பிப் போட்ட வேறொரு பகுதி. பரப்பளவுச் சோதனையும் புத்தக விடையும் இரண்டுமே இதை விட்டுவிடும். நான் விடுவதில்லை. எல்லைக்கு மதிப்பெண் பூஜ்யம், விடைக்கும் பூஜ்யம்.

முதலாண்டு மாணவி

விடை 3/8 என்று சரியாக இருந்தும் பூஜ்யமா?

விடைத்தாள்

கேட்டது வரிசையை மாற்றச் சொல்லி. அவர் மாற்றியது எழுத்தை.

நேரமில்லை

இது அநியாயம். தொகையிட்ட படிகளுக்காவது கொடுக்க வேண்டும். ஆனால் சோதனையைப் பொறுத்தவரை நீங்கள் காட்டிய எடுத்துக்காட்டு என்னை மடக்கிவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். மாற்று என்ன? படம் வரை என்று சொல்லாதீர்கள். தவறாகப் புரிந்துகொண்டவர் படத்தையும் தவறாகத்தான் வரைவார்.

கரும்பலகை

1 போடுவதோடு நிறுத்தாமல் x-ஐயும் போட்டுப் பாருங்கள். மூல வரிசையில் ∫[0,1] x(2 − x − x²) dx = 1 − 1/3 − 1/4 = 5/12. சரியான இரு துண்டில் 1/4 + 1/6 = 5/12. எழுத்து மாற்றியவரின் எல்லையில் 16/15 வரும். மாட்டிக்கொண்டார். x சமச்சீரில்லாத சார்பு, அதனால் திருப்பிப் போட்ட பகுதியை அது காட்டிக்கொடுத்துவிடும்.

அதைவிடச் சுருக்கமான வழி, ஒரு புள்ளியை எடுத்து இரண்டு எல்லைத் தொகுப்பிலும் வைத்துப் பார்ப்பது. (0.1, 1.8) என்று எடுங்கள். மூலத்தில் x = 0.1 என்பது 0-க்கும் 1-க்கும் நடுவே, 0.01 ≤ 1.8 ≤ 1.9 என்பதும் சரி. உள்ளே இருக்கிறது. எழுத்து மாற்றியவர் y-ஐ 1-உடன் நிறுத்திவிட்டார், 1.8-க்கு அங்கே இடமே இல்லை. கணக்கே போடாமல் ஆள் வெளியே. மாணவியின் எல்லைக்கும் இதே புள்ளி போதும்: √1.8 சுமார் 1.34, அது 0.1-ஐவிடப் பெரியது.

நேரமில்லை

ஒரு புள்ளி தேறிவிட்டால் மட்டும் எல்லை சரியாகிவிடுமா? என்னைக் கேட்ட அதே கேள்வி.

கரும்பலகை

ஆகாது. அதனால்தான் புள்ளியை நடுவில் எடுக்காமல் மூலைக்குப் பக்கத்தில் எடுக்கச் சொல்கிறேன். இங்கே மூலைகள் (0,0), (1,1), (0,2). ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ளே ஒரு புள்ளி, வெளியே ஒரு புள்ளி. எல்லைகள் தவறுவது பெரும்பாலும் மூலையில்தான்.

ஐயப்பாடு

எல்லை எல்லை என்று ஏன் அடித்துக்கொள்கிறீர்கள்? வரிசையை மாற்றினால் விடை மாறத்தான் செய்யும். (x² − y²)/(x² + y²)² என்ற சார்பை 0 முதல் 1 வரை உள்ள சதுரத்தில் முதலில் y, பிறகு x என்று தொகையிடுங்கள்: π/4. வரிசையை மாற்றுங்கள்: −π/4. எல்லை இரண்டிலும் ஒன்றேதான்.

கரும்பலகை

நீங்கள் சொன்ன இரண்டு விடைகளும் சரி, ஆனால் இங்கே கேட்கப்பட்டது அதுவல்ல. உங்கள் சார்பு ஆதிப்புள்ளியில் வெடிக்கிறது. அதன் தனிமதிப்பைத் தொகையிட்டால் முடிவிலி. 1907-இல் ஃபுபினியும் 1909-இல் டொனெல்லியும் நிறுவிய தேற்றங்கள் கேட்கும் நிபந்தனையே அங்கே உடைகிறது. xy என்பது வரம்புள்ள மூடிய பகுதியில் தொடர்ச்சியான சார்பு. அங்கே இரண்டு வரிசையும் ஒரே விடை தந்தே ஆக வேண்டும். தரவில்லை என்றால் பிழை நம் கையில்தான்.

நிரலன்

நான் கணினியில் சரிபார்த்துவிடுவேன். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பைத்தானின் dblquad உள் மாறியை முதலில் கேட்கும்.

```python
from math import sqrt
from scipy.integrate import dblquad

dblquad(lambda y, x: x*y, 0, 1,
        lambda x: x**2, lambda x: 2 - x)

dblquad(lambda x, y: x*y, 0, 1,
        lambda y: 0, lambda y: sqrt(y))
dblquad(lambda x, y: x*y, 1, 2,
        lambda y: 0, lambda y: 2 - y)
```

முதலாவது 0.375 தரும், கடைசி இரண்டையும் கூட்டினாலும் அதேதான். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் `lambda x, y` என்று மாற்ற மறந்து `lambda y, x` என்றே விட்டால் xy-க்கு ஒன்றும் தெரியாது. x²y-க்கு எண் மாறிவிடும், எச்சரிக்கை எதுவும் வராது. அலுவலகத்தில் ஒரு கணக்கில் எல்லைகளை நாள் முழுக்கக் குடைந்துகொண்டிருந்தேன். எல்லை சரியாகவே இருந்தது, மாறிகள்தான் இடம் மாறியிருந்தன.

நேரமில்லை

தேர்வு அறையில் கணினி கிடையாது. அங்கே மூல வரிசையிலேயே தொகையிட்டுப் பார்ப்பதுதானே நேர்வழி? இந்தக் கணக்கில் அது எளிது, அதே 3/8 வந்துவிடும்.

கரும்பலகை

மூல வரிசை எளிதாக இருக்கும் கணக்குகளில் மட்டும். ∫[0,1] ∫[x, 1] sin(y²) dy dx என்று கொடுத்தால் உள் தொகை முதல் படியிலேயே நின்றுவிடும். வரிசையை மாற்றச் சொல்வதே அதற்காக. x-ஐ 0 முதல் y வரை எடுத்தால் ஒரு y வெளியே வந்து ∫ y sin(y²) dy ஆகிறது, விடை (1 − cos 1)/2. யாராவது x-ஐ y முதல் 1 வரை எடுத்தால் (1 − y) sin(y²) வந்து மறுபடியும் நிற்கும். மாற்றிய பிறகும் தொகையிட முடியவில்லை என்றால் எல்லையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்த முக்கோணத்திலும் பரப்பு இரண்டு பக்கமும் 1/2 என்பதை நேரமில்லை அவர்கள் கவனிக்கலாம்.

முதலாண்டு மாணவி

அடுத்த கணக்கில் இதை வைத்துப் பார்த்தேன்: ∫[0,4] ∫[x²/4, 2√x] dy dx. மாற்றினால் x: y²/4 முதல் 2√y வரை, y: 0 முதல் 4 வரை. பரப்பு இரண்டிலும் 16/3. மூலைப் புள்ளிகளும் தேறுகின்றன. ஆனால் இது வெறும் எழுத்து மாற்றம் போலவே இருக்கிறதே?

கரும்பலகை

இங்கே அதுவே சரி. y² = 4x, x² = 4y என்ற இரண்டு பரவளையங்களும் y = x கோட்டில் ஒன்றுக்கொன்று பிரதிபலிப்பு. பகுதியைத் திருப்பிப் போட்டாலும் அதே பகுதிதான்.

விடைத்தாள்

இந்தக் கணக்கை முதலில் நடத்துவதால்தான் எழுத்தை மாற்றுவதே முறை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அதற்காக என் பூஜ்யத்தை மாற்றப் போவதில்லை.

நேரமில்லை

அப்படியானால் இந்தக் கணக்கில் எழுத்தை மட்டும் மாற்றிய மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பீர்களா?

விடைத்தாள்

கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவர் மனதில் என்ன இருந்தது என்று தாளில் எழுதியிருக்காது.