செம்புக்குழாயும் எஃகு போல்ட்டும்: அந்த 0.625 மில்லிமீட்டருக்கு என்ன பெயர்?

செந்தில்:
அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான பயிற்சி ஏட்டில் ஒரு கணக்குக்கு முன்னால் நிற்கிறேன். 500 மில்லிமீட்டர் நீளச் செம்புக்குழாய், உள்விட்டம் 25, வெளிவிட்டம் 40. அதற்குள் 20 மில்லிமீட்டர் எஃகு போல்ட், இரண்டு முனையிலும் கனமான வாசர். நட்டைக் கையால் முட்டும் வரை திருகிவிட்டு, அப்புறம் ஸ்பேனரால் கால் சுற்று. புரியிடைத்தூரம் 2.5 என்பதால் நட்டு 0.625 மில்லிமீட்டர் முன்னேறுகிறது. பிறகு மொத்தத்தையும் 60 டிகிரி சூடாக்குகிறோம். போல்ட்டிலும் குழாயிலும் தகைவு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இறுக்கியதால் வருவதை 'முன்தகைவு' என்றும், சூட்டால் வருவதை 'வெப்பத்தகைவு' என்றும் எழுதியிருக்கிறேன். ஆனால் விளக்கம் எழுதும்போது இரண்டும் ஒட்டவில்லை. வேறு சொல் வேண்டுமா?

மணிகண்டன்:
செந்தில் சார், இருக்கிற சொற்களே போதும். 0.625-ஐ 500-ஆல் வகுத்தால் திரிபு, அதை எஃகின் யங் குணகம் 200 கிகாபாஸ்கலால் பெருக்கினால் 250 மெகாபாஸ்கல். இது முன்தகைவு. சூடாக்கினால் போல்ட் நீளும், அதனால் கொஞ்சம் தளரும். அதைக் கழித்துவிடலாம்.

துரை:
நான் பட்டறை வைத்திருப்பவன். தம்பி சொல்வது சரிதான், சூடு காட்டினால் நட்டு தளரும். போன வாரம்கூட ஒரு பம்பின் துருப்பிடித்த நட்டை, கேஸ் விளக்கால் சிவக்க வைத்துத்தான் கழற்றினோம். சூட்டில் இறுக்கம் கூடும் என்று ஏட்டில் போட்டால் பையன்கள் நம்ப மாட்டார்கள்.

கலைவாணி:
துரை அண்ணா, நீங்கள் செய்தது வேறு வேலை. விளக்கை நட்டின்மேல் காட்டினீர்கள், நட்டு மட்டும் விரிந்தது, புரியைக் கவ்வியிருந்த துரு விட்டுக்கொடுத்தது. செந்தில் கேட்பது போல்ட், குழாய் எல்லாம் ஒரே அளவு சூடாகும் நிலை.

மணிகண்டன், நட்டு 0.625 முன்னேறியது சரி. அது முழுவதும் போல்ட்டின் நீட்சி ஆகாது. நட்டு தள்ளும்போது குழாயும் சுருங்கித் தருகிறது. போல்ட்டை இழுக்கும் விசையும் குழாயை அமுக்கும் விசையும் ஒன்றுதான், ஏனென்றால் வெளியிலிருந்து யாரும் பிடிக்கவில்லை. அந்த விசை P என்றால்:

```
P·L/(As·Es) + P·L/(Ac·Ec) = 0.625
```

போல்ட்டின் பரப்பு 314 சதுர மில்லிமீட்டர், குழாயின் பரப்பு 766. செம்பின் யங் குணகத்தை 100 கிகாபாஸ்கல் என்று வைத்தால் P ஏறக்குறைய 43 கிலோநியூட்டன். போல்ட் 0.343 நீண்டது, குழாய் 0.282 சுருங்கியது, கூட்டினால் 0.625. தகைவு போல்ட்டில் 137 மெகாபாஸ்கல் இழுவை, குழாயில் 56 அமுக்கம். 250 அல்ல.

இனி சூடு. போல்ட் நீளும் என்பது உண்மைதான், ஆனால் செம்பு அதைவிட அதிகம் நீளும். நீட்சிக்குணகம் எஃகுக்கு 12, செம்புக்கு 18 என்று எடுத்தால் (இரண்டும் டிகிரிக்கு மில்லியனில் பங்கு), 60 டிகிரியில் வித்தியாசம் 0.18 மில்லிமீட்டர். குழாய் நட்டைத் தள்ளுகிறது, நட்டு விடவில்லை. கால் சுற்று என்ன செய்ததோ அதையே சூடும் செய்கிறது. ஆக மேலே உள்ள சமன்பாட்டில் வலப்பக்கம் 0.625-க்குப் பதில் 0.805. விசை 55.6 கிலோநியூட்டன், போல்ட்டில் 177, குழாயில் 73.

செந்தில், உங்கள் சொல் ஏன் ஒட்டவில்லை என்பது இங்கேதான் இருக்கிறது. இறுக்கியது, சூடாக்கியது இரண்டுமே அந்த வலப்பக்க நீளத்தைத்தான் மாற்றுகின்றன. தகைவு அதன் விளைவு, அதுவும் போல்ட்டில் ஒன்று, குழாயில் இன்னொன்று. பெயர் வேண்டியது அந்த நீளத்துக்கு. 'ஒவ்வா நீளம்' என்கிறேன்.

செந்தில்:
'நீள வேறுபாடு' என்று எளிமையாக வைத்தால் என்ன அம்மா?

கலைவாணி:
மாணவன் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வேறுபாட்டைத் தேடுவான். இறுக்கிய பிறகு வாசருக்கு வாசர் போல்ட்டும் குழாயும் ஒரே நீளம். நாம் சொல்வது, நட்டைக் கழற்றி இரண்டையும் தனித்தனியே விட்டால் இருக்கும் பொருந்தாமையை. 'ஒவ்வா' என்பதில் அது இருக்கிறது. குறியும் கிடைக்கும்: குழாய் எஃகாகவும் போல்ட் செம்பாகவும் இருந்தால், சூடு இந்த நீளத்தைக் குறைக்கும். அதே 0.625-க்கு, ஏறக்குறைய 208 டிகிரி ஏறியதும் ஒவ்வா நீளம் சுழியாகி நட்டு கையால் சுழலும். துரை அண்ணாவின் அனுபவத்துக்கும் அப்போது இடமுண்டு.

ரஜனி (யாழ்ப்பாணம்):
எங்கட பக்கத்தில் தகைவு என்றில்லை, தகைப்பு என்றுதான் படித்தோம். திரிபுக்கு விகாரம். அதை விட்டுவிடுவம், புதுச்சொல் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கட்டும். 'ஒவ்வா நீளம்' எனக்கு வலிய பிழை போலக் கேட்கிறது, ஏதோ அளவு தவறிச் செய்த பொருள் போல. வேண்டுமென்றுதானே நட்டை இறுக்குகிறோம். 'திணி நீளம்' என்றால்? இல்லாத இடத்துக்குள் திணிக்கிற நீளம்.

மணிகண்டன்:
சூடாக்கும்போது யார் திணிக்கிறார்கள்? அக்கா சொன்ன சமன்பாடு எனக்கு விளங்குகிறது, ஆனால் 'திணி' கையால் செய்யும் வேலை. 'ஒவ்வா'வுக்கு என் வாக்கு. இன்னொரு சந்தேகம்: 137 என்பது போல்ட்டின் முழு விட்டத்தில்தானே? புரி வெட்டிய இடத்தில்?

கலைவாணி:
நல்ல கேள்வி தம்பி. M20 புரியில் தகைவுப் பரப்பு 245 சதுர மில்லிமீட்டர்தான். சூடான நிலையில் 55.6 கிலோநியூட்டனை அதால் வகுத்தால் 227 மெகாபாஸ்கல். 4.6 தர போல்ட் 240-இல் இளகத் தொடங்கும், ஆக ஓரத்தில் நிற்கிறோம். 8.8 போட்டால் கவலையில்லை.

எனக்குக் குழாய்தான் பயம். பதப்படுத்தி மென்மையாக்கிய செம்பு 70-க்கு முன்பே இளகிவிடும், நம் கணக்கில் 73 வருகிறது. கணக்கிலேயே 'கடினச் செம்பு' என்று எழுதிவிடுங்கள் செந்தில். இன்னொன்று, 'மொத்தமும் சூடாகிறது' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். சூடு வெளியிலிருந்து வந்து குழாய் மட்டும் முதலில் 60 டிகிரி ஏறினால், சூட்டின் பங்கு 0.18 அல்ல, 0.54. மும்மடங்கு. ஆலையில் அவசரமாகச் சூடேற்றும்போது இதுதான் நடக்கிறது.

துரை:
இப்போது ஒன்று பிடிபடுகிறது அம்மா. ஒரு காற்றழுத்தியின் மூடியில் செம்பு வளையம் வைத்து இறுக்குவோம். ஓடவிட்டு ஆறிய பிறகு பார்த்தால் ஸ்டட் எல்லாம் தளர்ந்திருக்கும், மறுபடி ஒரு சுற்று இறுக்குவோம். சூட்டில் இறுகுகிறது என்றால் ஆறியதும் பழைய இறுக்கத்துக்குத்தானே வர வேண்டும்?

கலைவாணி:
செம்பு இளகாமல் இருந்தால் வரும். சூட்டில் அமுங்கி நிரந்தரமாகக் குட்டையானால் வராது. வளையத்துக்கு வேறு காரணங்களும் சேரும், நம் குழாயையே எடுத்துக்கொள்கிறேன். அது 0.1 மில்லிமீட்டர் குட்டையாகிவிட்டது என்று வையுங்கள். ஆறியபின் ஒவ்வா நீளம் 0.525. விசை 43-இலிருந்து 36 கிலோநியூட்டன். அந்தச் 7 கிலோநியூட்டன்தான் உங்கள் ஸ்பேனரில் தெரிகிற தளர்ச்சி.

ரஜனி:
சரி, குட்டையாவதைக் கழிக்கவும் இந்த நீளம் உதவுகிறது, ஒத்துக்கொள்கிறேன். 'ஒவ்வா' மட்டும் இன்னும் உறுத்துகிறது. 'பொருந்து நீளம்' என்று நேர்ப்பொருளில் யோசிக்கலாமா?

செந்தில்:
இந்தப் பதிப்பில் 'ஒவ்வா நீளம்' என்று போட்டு, பக்கத்தில் 'திணி நீளம்' என்றும் குறிக்கிறேன். கணக்கில் கடினச் செம்பு, 8.8 போல்ட். துரை அண்ணாவின் 0.1 மில்லிமீட்டரை இரண்டாவது கணக்காகச் சேர்க்கிறேன். ரஜனி, 'பொருந்து நீளம்' எதிர்க்குறிக்கு எப்படி ஒத்துவரும் என்று ஒரு எடுத்துக்காட்டோடு எழுதுங்கள்.