கலைச்சொல் தேவை: ‘பாலப் பாடம்’ சரிவருமா?

ஜூரோங் தன்னார்வலர்:
வணக்கம். ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகளுக்கு வார இறுதி வகுப்பு நடத்துகிறோம். தமிழ் வாசிப்பார்கள், ஆங்கிலம் வராது. பேச்சில் ஏற்கெனவே புழங்கும் பஸ், கப், பென், பெட், லைட், டேபிள் ஆகியவற்றில் தொடங்குகிறோம். ஒலியும் பொருளும் தெரிந்தவை, எழுத்து மட்டும் புதிது. இந்தப் பாடத்துக்கு என்ன பெயர்? பாலம் என்ற பொருளில் ‘பாலப் பாடம்’ என்று போட்டிருக்கிறேன். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஒற்று விடுபட்டால் பாலபாடம்! அது நாவலர் நூலின் பெயர். வழி கண்டவன் காணாதவனுக்குச் சொல்வது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் பாதி அதுதான். ‘மொழியாற்றுப்படை’ என்க. பஸ், பென் எதற்கு? பேருந்து, பேனா இல்லையா?

ஈசூன் அம்மா:
என் மகன் வீட்டிலும் ஆங்கிலம்தான் பேசுகிறான். தமிழ் வாசிக்க இந்தப் பாடம் உதவுமா?

மென்பொருள்காரர்:
அது எதிர்த்திசை, அக்கா. என் வாக்கு ‘இணைப்புப் பாடம்’. ப் + அ = ப தெரிந்த பிள்ளைக்கு எழுத்துக்கூட்டல் தானாக வந்துவிடும்.

பாலர்பள்ளி ஆசிரியை:
தானாக வராது, தம்பி. பிள்ளை ‘ப’வை ஒரே எழுத்தாகத்தான் பழகியிருக்கிறது. அதைப் பிரிப்பதில்தான் சிக்கல். பஸ் என்று சொல்லி ஒலிக்கு ஒரு தட்டாக மேசையில் தட்டச் சொல்லுங்கள். மூன்று தட்டு வரவேண்டும். நான்காவது வந்தால் அது ‘பஸ்ஸு’வின் உகரம்.

ஐயா, பேருந்து என்று எழுதினால் பாடமே இல்லை. பஸ்ஸின் நடு எழுத்தைப் பிள்ளை முதலில் ‘உ’ என்று படித்து ‘புஸ்’ என்னும். அப்படி ஒரு சொல் கிடையாது என்று அதற்கே தெரியும், சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்ளும். தெரியாத சொல்லில் இது நடக்காது.

சொற்களைத் தமிழில் எழுதிக் காட்டாதீர்கள். பஸ்ஸுக்கும் பென்னுக்கும் நம்மிடம் ஒரே ‘ப’, ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து. படத்தைக் காட்டி வாயால் சொன்னால் போதும். லைட், டேபிள் தெரிந்த சொற்கள்தான், ஆனால் எழுத்துக்கூட்டினால் ஒலி வராது. பிறகு பார்க்கலாம்.

அப்புறம், பென்னின் முதல் எழுத்தை மாற்றி ‘டென்’ வைத்துப் பாருங்கள். அப்போதும் பென் என்றால் பிள்ளை வாசிக்கவில்லை, மனப்பாடம் செய்திருக்கிறது.

பெயரா? ஆற்றுப்படுத்துநர் என்றால் இன்று மனநல ஆலோசகர். பெற்றோர் பயந்துவிடுவார்கள். ‘தெரிந்தசொல் பாடம்’ என்றே வையுங்களேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அது பெயரா, விளக்கமா? ஆறு என்பதற்கு வழி என்றே பொருள். நீரோடும் ஆறும் ஒரு வழிதானே? ‘வழிப்படுத்தல்’, ‘நெறிப்படுத்தல்’ எல்லாம்...

ஜூரோங் தன்னார்வலர்:
ஐயா, வெள்ளிக்கிழமை! மூவர் தனிமடலிலும் ‘இணைப்பு’ என்றார்கள். ‘இணைப்புப் பாடம்’ என்றே அனுப்புகிறேன். லைட், டேபிள் இரண்டையும் முதல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
சரி, அனுப்புங்கள். ‘இணைப்பு’ என்று பார்த்ததும் ஆசிரியர்கள் கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார்கள்.