பெயரை மறைத்தால் எல்லாரும் ஒரே ஆள்: பாத்திரக் குறிப்பும் பேச்சும், உங்கள் அனுபவம்?

கானாடுகாத்தான் கதைக்காரன்
ஒலித்தொடர் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். 1985-இல் நடக்கிற கதை. பெரிய வீடு, ஓடு ஒழுகுகிறது. நிலைக்கதவையும் தேக்குத் தூண்களையும் காரைக்குடி பழம்பொருள் கடைக்காரருக்கு விற்பதா வேண்டாமா என்று ஒரு குடும்பம் அடித்துக்கொள்கிறது. ஆச்சி, இரண்டு மகன்கள், மூத்த மருமகள், கல்லூரியில் படிக்கும் பேத்தி, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கருப்பையா, ஆக ஆறு பேர். ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கம் வாழ்க்கைக் குறிப்பு எழுதிவிட்டுத்தான் வசனத்துக்கே போனேன். ஆனால் நண்பர் ஒருவர் பெயர்களைக் காகிதத்தால் மறைத்துவிட்டுப் படித்ததில், ஆச்சியைத் தவிர யாரையும் அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒலியில் முகமும் கிடையாது. இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் மேடை
சுலபம். ஆளுக்கு ஒரு தொடுப்புச் சொல் கொடுங்கள். எங்கள் திருவிழா நாடகத்தில் ஒரு சித்தப்பா எதற்கெடுத்தாலும் "கணக்கு அப்படித்தான்" என்பார். ஜனங்கள் அதற்காகவே காத்திருந்து கை தட்டினார்கள்.

வளவுக்காரி
ஒரு சிரிப்புப் பாத்திரத்துக்கு அது சரி. ஆறு பேருக்கும் கொடுத்தால் இரண்டாவது காட்சியிலேயே அலுத்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. அழுகிற காட்சியிலும் சித்தப்பா "கணக்கு அப்படித்தான்" என்று சொல்லியாக வேண்டுமா?

கதைக்காரர் அண்ணே, உங்கள் இரண்டு பக்கத்தில் வாய்க்கு வந்து சேருவது எவ்வளவு என்று பாருங்கள். மூத்த மகன் பெரியவருக்குப் பிடித்தது பால்பணியாரம் என்று எழுதியிருப்பீர்கள். அது அவர் பேச்சை மாற்றாது. பேச்சை மாற்றுவது, சின்ன வயதில் அவர் யாரிடம் வாய் மூடி நின்றார் என்பது.

அவருக்கு 62 வயது என்று வைத்துக்கொள்வோம். 14 வயதில் ரங்கூன் வட்டிக்கடைக்கு வேலை பழகும் பெட்டியடிப் பையனாகப் போகிறார். 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்புகிறார். பெட்டியடியில் மேலாள் முன்னால் தொகையைத் தன் வாயால் முதலில் சொல்லக் கூடாது என்று பழகிய ஆள். அந்தப் பழக்கம் போகாது. பணப் பேச்சு வந்தால் கேள்விக்குக் கேள்விதான் பதில். நாளைக்கு நடக்கப்போவதை உறுதியாகச் சொல்லவும் மாட்டார். ரங்கூனில் உறுதியாக இருந்ததெல்லாம் என்ன ஆனது என்று பார்த்தவர் அவர். சின்னவர் சென்னையில் வங்கி அதிகாரி. வரிசை போட்டுப் பேசுவார், ஆனால் இரண்டாவதுக்குப் போவதற்குள் அண்ணன் வெட்டிவிடுவார். ஆச்சிக்கு மகன்களிடம் நேரே கேட்டுப் பழக்கமில்லை. அவர்கள் காதில் விழும்படி வேறு யாரிடமாவது கேட்பார். கருப்பையாவுக்கு எதிர்த்துப் பேச உரிமை கிடையாது, அதனால் தன் கருத்தை இன்னொருவர் வாயில் போடுவார்.

உங்களுடையது ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும்:

பெரியவர்: கதவை விற்க எனக்கு இஷ்டமில்லை.
சின்னவர்: விற்காவிட்டால் ஓடு மாற்றப் பணமில்லை.
ஆச்சி: என் மாமனார் காலத்துக் கதவு, விற்கக் கூடாது.

மூவரும் மனதில் இருப்பதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறார்கள். அதனால்தான் ஒரே ஆள் போலக் கேட்கிறது. இதையே இப்படிப் பாருங்கள்:

சின்னவர்: அண்ணே, முதல்ல ஓட்டைப் பாருங்க. ரெண்டாங்கட்டுல தண்ணி இறங்குது. அதுக்கு ஆகுற செலவு...
பெரியவர்: கடைக்காரன் எவ்வளவு சொன்னான்?
சின்னவர்: நீங்க எவ்வளவு நினைக்கிறீங்க?
பெரியவர்: தேடி வந்தவன் அவன்தானே?
ஆச்சி: கருப்பையா, நிலைக்கு எண்ணெய் போட்டு எத்தனை நாளாச்சு?
கருப்பையா: ஆசாரி சொல்றாரு ஆச்சி, எண்ணெய் போட்டா இன்னும் ரெண்டு தலைமுறைக்கு நிக்குமாம்.

ஒருவர்கூட "விற்காதே" என்று சொல்லவில்லை. பெயரை மறைத்தாலும் யார் யார் என்று தெரியும்.

அப்புறம் ஒரு கட்டம் போடுங்கள். ஆறு பேரும் மேலே, அதே ஆறு பேர் பக்கவாட்டில். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று 30 கட்டத்தையும் நிரப்புங்கள். ஒரே ஆள்தான், கருப்பையாவுக்கு ஆச்சி, மகன்களுக்கு ஆத்தா, பேத்திக்கு அப்பத்தா. எது எப்போது மாறும் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சின்னவர் வாயிலிருந்து "அண்ணே" விழுந்துபோய் வெறும் "நீங்க" மட்டும் நிற்கும் காட்சி எது என்று தெரிந்துவிட்டால், சண்டைக்கு வேறு வசனமே அதிகம் வேண்டாம்.

மெய்யப்பன் பேரன்
நல்ல இழை. எங்கள் ஐயாவுக்குச் சாந்தி விழா வருகிறது, அதற்கு விழா மலர் புத்தகம் போடுகிறோம். வாழ்க்கைக் குறிப்பு இரண்டு பக்கம் போதுமா? படிப்பு முதலில் வரணுமா, தொழில் முதலில் வரணுமா?

வளவுக்காரி
தம்பி, இது கற்பனை ஆட்களுக்கான குறிப்பு. மலருக்குத் தொழிலை முதலில் போடுங்கள், படிப்பை யாரும் வாசிக்க மாட்டார்கள்.

குரல் கொடுப்பவன்
ஒலித்தொடர்களில் பேசியிருக்கிறேன். வளவுக்காரி சொன்னது தாளில் அருமை. ஆனால் ஆச்சி வேறு யாரிடமோ பேசுவது ஒலியில் எப்படித் தெரியும்? "கருப்பையா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் இங்கே தப்பித்தது. பெயர் இல்லாமல் எழுதினால் கேட்பவர் குழம்பிவிடுவார்.

இன்னொன்று, வட்டாரப் பேச்சை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதாதீர்கள். "சொல்லுறேங்கிறேன்", "வாராகளா" என்று பக்கம் முழுக்க இருந்தால், வேறு ஊர் நடிகர் அதை வேற்று மொழி போல எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். வாக்கிய அமைப்பும் முறைப்பெயரும் சரியாக இருந்தால் போதும், மீதியை ஒத்திகையில் ஊர்க்காரர் ஒருவரை உட்காரவைத்துத் திருத்திக்கொள்ளலாம்.

வளவுக்காரி
முதலாவது சரி, இரண்டாவதில் பாதிதான் சரி. ஆச்சிக்கு மட்டுமாவது ஒலியை எழுதித்தான் ஆகணும். இல்லையென்றால் நடிகர் சினிமாப் பாட்டி குரலில் பேசிவிட்டுப் போய்விடுவார்.

கோவைக்காரி, இப்போ தேவகோட்டை
மருமகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் கோயம்புத்தூரிலிருந்து வந்தவள். இங்கே மாமியார் முன்னால் என் வாக்கியம் பாதியில் நிற்கும். அடுப்படியில் வேலைக்கு வரும் அக்காவிடம் நிறுத்தாமல் பேசுவேன். அம்மாவிடம் போனில் பேசினால் "ஏனுங்க" தானாக வந்துவிடும். என் பிள்ளைகளே சிரிப்பார்கள். ஆகவே மருமகளுக்கு ஒரே பேச்சு என்று குறிப்பில் எழுதினால் பொய்யாகத்தான் இருக்கும். கல்யாணமாகி எத்தனை வருஷம், அறையில் வேறு யார் இருக்கிறார்கள், இந்த இரண்டும் தெரிந்தாகணும்.

கானாடுகாத்தான் கதைக்காரன்
கட்டம் போட்டேன். மருமகள் கொழுந்தனாரை எப்படிக் கூப்பிடுவாள் என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. கதை முழுக்க அவர்கள் நேரடியாகப் பேசவே இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அதற்கு ஒரு காட்சி எழுதியாகிவிட்டது, எல்லாவற்றையும் ஆச்சி வழியாகவே பேசிக்கொள்கிறார்கள்.

மறுபடியும் பெயரை மறைத்துப் படிக்கச் சொன்னேன். ஆச்சி, கருப்பையா, மருமகள், பேத்தி நால்வரும் தெளிவு. சாதாரணக் காட்சியில் அண்ணன் தம்பியும் தெளிவு. கோபம் வந்தால் மட்டும் இருவரும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

வளவுக்காரி
அதைத் தொடாதீர்கள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், கோபத்தில் இருவருமே தங்களைப் பெற்ற அப்பச்சி போலத்தான் பேசுவார்கள்.

குரல் கொடுப்பவன்
தாளில் அழகு. கேட்பவருக்கு யார் கத்துகிறார் என்று தெரியாது. இருவரில் ஒருவரைக் கோபத்தில் பேச்சை நிறுத்துகிற ஆளாக மாற்றுங்கள்.

பள்ளத்தூர் மேடை
இப்பவாவது தம்பிக்கு ஒரு தொடுப்புச் சொல் கொடுங்களேன்.

கானாடுகாத்தான் கதைக்காரன்
சண்டைக் காட்சியை இரண்டு விதமாகவும் பதிவு செய்து பார்க்கிறேன். பேச்சை நிறுத்துகிறவர் பெரியவராகத்தான் இருப்பார் என்று முதலில் தோன்றியது. ஆனால் வரிசை போட்டுப் பேசும் தம்பி "முதல்ல" என்று ஆரம்பித்துவிட்டு அப்படியே எழுந்து போவது இன்னும் பொருந்துமோ என்று இப்போது யோசனையாக இருக்கிறது.