கலைச்சொல் தேவை: 'அப்னூசிஸ்'

நிலா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூச்சை மூளை எப்படி நடத்துகிறது என்று ஒரு அறிமுக நூலுக்கு இயல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'அப்னியா'வுக்கு மூச்சுநிறுத்தம் என்று போட்டுவிட்டேன். அடுத்த பக்கத்திலேயே 'அப்னூசிஸ்' வருகிறது. மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸின் மேற்பகுதி சேதமானால் உட்சுவாசம் முடியாமல் நீண்டு நிற்குமே, அதுதான். ஒலி ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் ஒன்றென்றே வாசகர் எடுத்துக்கொள்வார். தமிழிலாவது பிரித்துக் காட்டும் சொல் வேண்டும். 'விடாமூச்சு' என்று யோசித்தேன். சரியா?

மாறன் எழுதியது:

நிலா, புதிதாக எதற்கு? மூச்சை இழுத்து உள்ளே நிறுத்துவதற்கு நம்மிடம் 'கும்பகம்' இருக்கிறது. பூரகம், கும்பகம், இரேசகம் என்று மூன்று கட்டமும் தயாராக உள்ளன. 'தன்னியல்புக் கும்பகம்' என்றால் முடிந்தது. மூச்சின் தாளத்தை உண்டாக்குவது பான்ஸ் என்பதால், அது கெட்டால் தாளமே நின்று மூச்சு அப்படியே உறைந்துவிடுகிறது என்றுதான் நான் படித்த நினைவு.

தாமரை எழுதியது:

இதைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் உண்டு. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்றுவிடும். சில இரவுகளில் என் கணவர் தட்டி எழுப்பியிருக்கிறார். இப்போது முகமூடி போட்டுத்தான் தூங்குகிறேன். 'மூச்சுத்தடை' என்று எழுதினாலே எங்களைப் போன்றவர்களுக்குப் புரியும். 'விடாமூச்சு' என்றால் நான் ஏதோ பிடிவாதமாக மூச்சை அடக்குவதுபோல இருக்கிறது.

செல்வம் எழுதியது:

தாமரை அம்மா, உங்களுக்கு இருப்பது அப்னியா. நிலா கேட்பது வேறு. இரண்டையும் நெஞ்சைப் பார்த்தே பிரிக்கலாம். தூக்கத்தில் மூச்சு நிற்பவருக்குப் பெரும்பாலும் காற்று வெளியேறிய பிறகுதான் இடைவெளி விழும், நெஞ்சு தாழ்ந்திருக்கும். அப்னூசிஸில் நெஞ்சு விரிந்து மேலேறிய நிலையிலேயே நிற்கும், பிறகு சட்டென்று இறங்கும்.

மாறன், தாளத்தைப் போடுவது பான்ஸ் அல்ல, அதற்குக் கீழே இருக்கும் முகுளம். 1991ல் ஜெஃப்ரி ஸ்மித், ஜாக் ஃபெல்ட்மன் குழுவினர் பிறந்து சில நாளே ஆன எலியின் முகுளத்திலிருந்து அரை மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு சீவலை எடுத்துக் கரைசலில் வைத்தார்கள். அதில் நுரையீரலும் கிடையாது, பான்ஸும் கிடையாது. ஆனால் நாக்கை இயக்கும் நரம்பின் வேரில் சீராக விட்டுவிட்டுத் துடிப்பு வந்தது. அந்தச் சீவலில் இருந்த சிறிய நரம்பணுத் தொகுதிக்குப் பெயர் பிரீபெட்ஸிங்கர். (ஒரு கூட்டத்தில் மேசைமேல் இருந்த ஒயின் புட்டியின் பெயரைப் பக்கத்துத் தொகுதிக்கு வைத்தார்கள். அதற்குச் சற்றுக் கீழே இருக்கும் இதற்கு 'பிரீ' சேர்த்தார்கள். செயலைப் பற்றி எதுவுமே சொல்லாத பெயர். நாம் அப்படிச் செய்ய வேண்டாம்.)

அங்கே நடப்பது இதுதான். முதலில் சில அணுக்கள் மெல்லத் துடிக்கத் தொடங்கும். அவை குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வழியாகப் பக்கத்து அணுக்களைத் தூண்ட, அவை இன்னும் சிலவற்றைத் தூண்ட, கடைசியில் கூட்டமே ஒன்றாக வெடிக்கும். அதுதான் ஓர் உட்சுவாச ஏவல். பிறகு களைத்து அடங்கும். சற்று நேரம் கழித்து மறுபடி ஒன்றிரண்டு தொடங்கும். தானாகவே துடிக்கவல்ல அணுக்கள் சில அதில் உண்டு. ஆனால் தாளத்துக்கு அவை கட்டாயம் தேவையா, கூட்டுத் தூண்டலே போதுமா என்பதில் துறைக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

மாறன் எழுதியது:

சரி ஐயா, திருத்திக்கொள்கிறேன். முகுளமே தாளம் போடுமானால் பான்ஸுக்கு என்ன வேலை? அது கெட்டால் மூச்சு ஏன் மேலே போய் நிற்க வேண்டும்?

செல்வம் எழுதியது:

அந்தக் கேள்வியில்தான் நிலாவுக்கான சொல்லும் இருக்கிறது.

தாமஸ் லம்ஸ்டன் 1923ல் பூனைகளின் மூளைத்தண்டை வெவ்வேறு மட்டங்களில் அறுத்துப் பார்த்தார். பான்ஸுக்கு மேலே அறுத்தால் மூச்சு வழக்கம்போல் நடந்தது. பான்ஸுக்கும் முகுளத்துக்கும் நடுவே அறுத்தால் திடுக் திடுக்கென்று ஏங்கும் மூச்சு மட்டும் மிஞ்சியது. முகுளத்துக்குக் கீழே அறுத்தால் மூச்சே இல்லை. அப்னூசிஸ் வந்தது பான்ஸின் குறுக்கே அறுத்தபோது.

இதில் வேகஸ் நரம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நுரையீரல் விரிந்ததும் 'போதும்' என்று வேகஸ் வழியாக ஒரு செய்தி முகுளத்துக்குப் போகிறது. பான்ஸின் மேற்பகுதியில் உள்ள கொல்லிகர்-ஃபூசே, பாராபிரேக்கியல் என்ற தொகுதிகளிலிருந்தும் அதே பொருளில் ஒரு செய்தி வருகிறது. விலங்கில் இரண்டில் ஒன்றை மட்டும் துண்டித்தால் மூச்சு ஆழமாகி மெதுவாகும், அவ்வளவுதான். இரண்டும் போனால் உட்சுவாசத்தை முடித்துவைக்க ஆள் இல்லை. ஏவல் போய்க்கொண்டே இருக்கும். மனிதருக்கு அமைதியான மூச்சில் அரை லிட்டர் காற்றுதான் உள்ளே போகிறது. வேகஸின் 'போதும்' நன்றாக எழ அதைப்போல இருமடங்காவது வேண்டும். அதனால் நாம் பான்ஸை நம்பியிருப்பது அதிகம்.

கும்பகம் பொருந்தாததற்குக் காரணமும் இதுவே. கும்பகத்தில் தொண்டையை அடைத்துக்கொண்டு உதரவிதானத்தைத் தளர்த்தினாலும் காற்று உள்ளேயே நிற்கும். அப்னூசிஸில் தொண்டையை அடைக்கத் தேவையே இல்லை. உதரவிதானத்துக்கு ஏவல் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது, அதனால்தான் நெஞ்சு இறங்கவில்லை.

நிலா எழுதியது:

நன்றி ஐயா. அப்படியானால் 'விடாமூச்சு' எனக்கே பிடிக்கவில்லை. 'மூச்சு விடு' என்றால் பேச்சில் வெளியே விடுவது மட்டுமில்லையே, சுவாசிப்பதே அதுதான். விடாமூச்சு என்றால் மூச்சே விடாதவர் என்று வாசித்து மறுபடி அப்னியாவுக்கே போய்விடுவார்கள். 'அறா உள்மூச்சு', 'ஓயா உள்மூச்சு' இரண்டில் எது?

மாறன் எழுதியது:

'ஓயா'வுக்கு என் வாக்கு. 'அறா' இன்று பேச்சில் இல்லை. 'அறாமூச்சு' என்று சேர்த்தெழுதினால் அச்சுப்பிழை என்று திருத்திவிடுவார்கள். கும்பகத்தை விட்டுவிட்டேன்.

தாமரை எழுதியது:

இப்போது வித்தியாசம் புரிகிறது. ஒன்று கேட்கலாமா? பக்கவாதம் வந்து செயற்கை சுவாசத்தில் இருப்பவரிடம் இந்த ஓயா உள்மூச்சைப் பார்க்க முடியுமா? எங்கள் மாமாவுக்கு மூளைத்தண்டில்தான் அடைப்பு என்றார்கள்.

செல்வம் எழுதியது:

இயந்திரம் முழுப் பொறுப்பில் இருந்தால் தெரியாதம்மா. அது தன் கணக்கில் காற்றைத் தந்துவிட்டு விட்டுவிடும். அவராகவே மூச்சு எடுக்கும்போதுதான் வடிவம் வெளிப்படும். மூளைத்தண்டுக்கு இரத்தம் கொண்டுபோகும் பேசிலார் தமனி அடைத்துப் பான்ஸின் இரு பக்கமும் சேதமானவர்களிடம் இதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் பூனையில் பார்த்த அளவுக்கு நீளாது. பெரும்பாலும் உட்சுவாசத்தின் உச்சியில் இரண்டு மூன்று விநாடி நிற்கும், சில சமயம் வெளிச்சுவாசத்தின் முடிவிலும் ஓர் இடைவெளி விழும். உங்கள் மாமாவுக்கு என்ன என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

நிலா, 'ஓயா உள்மூச்சு' எனக்குச் சம்மதம். ஓயாதது ஏவல் என்ற பொருளும் அதில் வந்துவிடுகிறது. லம்ஸ்டன் இதற்கென்று பான்ஸின் கீழ்ப்பகுதியில் ஒரு தனி மையம் இருப்பதாக எண்ணினார். பிறகு அப்படி ஒன்று உறுதிப்படவில்லை. ஆகவே 'ஓயா உள்மூச்சு மையம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

நிலா எழுதியது:

எழுத மாட்டேன். பான்ஸ் செய்யும் அந்த வேலைக்கு 'உள்மூச்சு அறுப்பு' என்று குறித்திருக்கிறேன்.

செல்வம் எழுதியது:

அதில் எனக்குத் தயக்கம். அறுத்ததும் வெளிச்சுவாசம் சும்மா நிகழ்வதில்லை. கொல்லிகர்-ஃபூசே தொண்டையைக் கொஞ்சம் நெருக்கிப் பிடித்துக் காற்று மெதுவாக வெளியேறும்படி செய்கிறது. ஒரு கட்டத்தை மூடி இன்னொன்றைத் திறப்பதால் 'மடைமாற்று' பொருந்துமா என்று பாருங்கள்.

மாறன் எழுதியது:

மடைமாற்று என்றால் ஒரே நீரை வேறு வாய்க்காலுக்குத் திருப்புவது. இங்கே திரும்புவது எது ஐயா?