பிரம்பு நாற்காலியில் விடாத பூஞ்சை

பினாங்கு, ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. பழைய பிரம்பு நாற்காலி. மேற்பக்கம் வார்னிஷ் பூசியது, அடிப்பக்கம் வெறும் பிரம்பு. அக்டோபர் மழையிலிருந்து அடிப்பின்னலிலும், கால் மூட்டுகளில் சுற்றிய பிரம்புப் பட்டையின் இடுக்குகளிலும் வெள்ளைப் பூஞ்சை படர்கிறது.

வெளியே வைத்து, உலர்ந்த பிரஷால் தூசியை எடுத்தேன். வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தேன். கடும் வெயிலில் பிரம்பு வெடிக்கும் என்பதால் நிழலில், மின்விசிறிக் காற்றில் காயவைத்தேன். பின்னல் சுத்தமாகிவிட்டது. மூட்டுகளில் மட்டும் சில வாரங்களில் மறுபடி வெள்ளை. முகர்ந்தால் ஈரச் சாக்கு நாற்றம். கடைக்காரர் குளோரின் ஊற்றச் சொன்னார். நிறம் வெளுத்துவிடும், அந்தப் பேச்சே வேண்டாம்.

பட்டையைப் பிரிக்காமலேயே உள்ளிருக்கும் பூஞ்சையைப் போக்க வழி உண்டா?