மூன்றாம் முறை பார்த்தபோது ஒன்றும் அகப்படவில்லை

கணக்காளர், கோவை:
ஆறு ஆண்டுகளாக ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். மாதாந்திர வரிக்கணக்கான 3பி படிவத்தைத் தாக்கல் செய்துவிட்டால் அதைத் திருத்த இயலாது, பிழையை அடுத்தடுத்த மாதங்களில்தான் சரிக்கட்ட வேண்டும் என்பதால், 14ஆம் தேதி, விற்பனையாளர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2பி வந்ததிலிருந்து, தாக்கலுக்குக் கடைசி நாளான 20ஆம் தேதி வரை ஒரே கொள்முதல் பட்டியலை ஐந்து முறை பார்த்து, இரவு பதினொன்றுக்கு வீடு திரும்புவேன். சென்ற ஆண்டு ஒரு வெளிமாநில பில்லில் ஒரே வரியாகக் காட்ட வேண்டிய ஐஜிஎஸ்டியை மாநில, மத்திய வரியாகப் பிரித்துப் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் சரிசெய்யுமாறு சொல்லிவிட்டு சீனியர் நகர்ந்தார்; எனக்கோ, இத்தனை நாள் மறைத்துவைத்த அறியாமை வெளிப்பட்டுவிட்டதாகத் தோன்றி, மூன்று வாரம் உறக்கமில்லை.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், திருச்சி:
பணம் புழங்கும் வேலையில் பயம் இருப்பது நல்லதுதான், தம்பி. அனுபவம் கூடக்கூட அது தானே விலகிவிடும்.

உளவியல் ஆலோசகர், மதுரை:
முதல் வாக்கியத்தை ஏற்கிறேன் ஐயா, இரண்டாவதை அல்ல. 1978இல் உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் இருவரும், தகுதியில்லாமல் பிறரை ஏமாற்றிவருகிறோம் என்னும் இவ்வுணர்வை விவரித்தபோது அவர்கள் கண்டவர்கள் சாதித்த பெண்களே. வேலை நன்றாக முடிந்தால் அந்தப் பெருமை கண்விழித்த இரவுக்குப் போகிறதேயன்றித் தன் திறமைக்கு வருவதில்லை. ஆகவே அடுத்த முறையும் கண்விழிக்க வேண்டியதாகிறது. சரிபார்ப்பிலும் ஒரு கண்ணி உண்டு. நெதர்லாந்தில் வான் டென் ஹவுட், கிண்ட் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், கணினித் திரையில் எரிவாயு அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தவர்களின் நினைவு பிழைபடவில்லை, அந்நினைவின் மீதிருந்த நம்பிக்கைதான் தேய்ந்தது. ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை பிழை அகப்பட்டது என்று குறித்துவையுங்கள்.

மருந்தகப் பணியாளர், திருநெல்வேலி:
எங்கள் கடையிலும் பன்னிரண்டு மணி நேர வேலைதான், ஆனால் காரணம் ஆள் பற்றாக்குறை. முதலாளியிடம் இன்னொருவரைக் கேட்டுப் பாருங்களேன்.

கணக்காளர், கோவை:
ஆள் இருக்கிறார்கள் அக்கா. அவர்களிடம் கொடுக்க எனக்குத்தான் மனம் வருவதில்லை. இரண்டு மாதம் குறித்துப் பார்த்தேன். முதல் சுற்றில் மொத்தம் ஏழு பிழைகள், இரண்டாவதில் இரண்டு, மூன்றிலிருந்து ஐந்து வரை ஒன்றுமில்லை. இரண்டாவதில் அகப்பட்டவையும், பில் வரிசையை விட்டு விற்பனையாளர் வாரியாகக் கூட்டிப் பார்த்ததால்தான் தெரிந்தன. இப்போது அந்த இரண்டோடு நிறுத்திவிட்டு எட்டரைக்குக் கிளம்புகிறேன். ஆனால் சென்ற வாரம் சீனியர் பாராட்டியபோது, அவரை ஏமாற்றுகிறோமோ என்றுதான் முதலில் தோன்றியது. 20ஆம் தேதி இரவு கைபேசியில் ஜிஎஸ்டி தளத்தை ஒருமுறை திறந்தும் பார்த்தேன்.